சொல் சரளமும் ட்ரெயில் மேக்கிங்கும்: வினாடிகள் எங்கே போகின்றன என்று பார்ப்பது எப்படி

நரம்பியல், மனநலப் பிரிவுகளில் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கையில் எடுக்கும் சோதனைகள் இவை இரண்டும். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். ஆனால் "நேரம் அதிகம், ஆகவே மூளையின் முன்பகுதியில் கோளாறு" என்று ரிப்போர்ட்டில் எழுதுவது ஆபத்தான குறுக்குவழி. மெதுவாகச் செய்வதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எந்த இடத்தில் நேரம் செலவானது என்று பிரித்துப் பார்க்க இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்து எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: தொடங்கும் முன்

வந்தவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா, வலக்கையா இடக்கையா, கை நடுங்குகிறதா, எத்தனை ஆண்டு படித்தவர், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் முதலில் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். இரவில் தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டு காலையில் சோதனைக்கு வருபவர்கள் உண்டு. பிறகு மதிப்பெண்ணைப் படிக்கும்போது இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: சொல் சரளம்

இதில் இரண்டு வகை. முதலாவது எழுத்து வகை: ஒரு எழுத்தைக் கொடுத்து, அதில் தொடங்கும் சொற்களை 60 வினாடியில் முடிந்தவரை சொல்லச் சொல்கிறோம். ஆள் பெயர், ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரே சொல்லை விகுதி மாற்றிச் சொல்லக் கூடாது. 'கட்டு' சொன்னபின் 'கட்டினான்', 'கட்டுவான்' எண்ணிக்கையில் சேராது. இரண்டாவது பொருள் வகை: 60 வினாடியில் விலங்குகளின் பெயர்கள்.

ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் ஆகிய மூன்று எழுத்துகளைக் கொடுப்பது வழக்கம். தமிழில் கொடுக்கும்போது ஒரு முடிவை முன்பே எடுத்தாக வேண்டும். 'க' என்று சொன்னால் 'கல்', 'கடை' மட்டுமா, அல்லது 'காடு', 'கிளி', 'கூடை'யும் சேருமா? உங்கள் பிரிவில் எது வழக்கமோ அதையே எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ஆளுக்கொரு விதி என்றால் எண்ணிக்கைகளை ஒப்பிடவே முடியாது.

சொற்களை வரும் வரிசையிலேயே எழுதி, ஒவ்வொரு 15 வினாடிக்கும் ஒரு கோடு போடுங்கள். எனக்கு இந்தக் கோடுகள் மொத்த எண்ணிக்கையைவிட முக்கியமாகத் தோன்றுகின்றன. முதல் 15 வினாடியில் நாக்கு நுனியில் இருக்கும் சொற்கள் கொட்டும். அதன் பிறகு ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேடலிலும் இரண்டு வேலைகள் உண்டு: ஒரு கூட்டத்துக்குள்ளேயே தோண்டுவது (ஆடு, மாடு, எருமை), அது தீர்ந்ததும் வேறு கூட்டத்துக்குத் தாவுவது (சிங்கம், புலி, கரடி). வீட்டு விலங்குகளை வரிசையாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுபோகிறவருக்குத் தாவுவதில் சிரமம். இது பெரும்பாலும் மூளையின் முன்பகுதியோடு தொடர்புடையது. எல்லாக் கூட்டத்துக்கும் தாவியும் ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு பெயர்தான் கிடைக்கிறது என்றால், சொற்களஞ்சியமே வற்றுகிறதோ என்று யோசிக்க வேண்டும்.

நலமாக உள்ளவர்கள் பொதுவாக ஒரு எழுத்துக்குரிய சொற்களைவிட விலங்குகளை அதிகம் சொல்வார்கள். அல்சைமர் நோயில் இது தலைகீழாகத் திரும்புவது அடிக்கடி காணப்படுகிறது. விலங்குப் பெயர்கள் முதலில் குறைகின்றன. முன்மூளைச் சுற்றுகள் பாதிக்கப்படும்போது எழுத்து வகை கூடுதலாக அடிவாங்கும்.

மூன்றாம் படி: ட்ரெயில் மேக்கிங்

1944இல் அமெரிக்க ராணுவத்தின் தனிநபர் சோதனைத் தொகுப்பில் இருந்த சோதனை இது. ஏ பகுதியில் 1 முதல் 25 வரை சிதறிக் கிடக்கும் வட்டங்களை வரிசையாக இணைக்க வேண்டும். பி பகுதியில் 1 முதல் 13 வரை எண்களும், ஏ முதல் எல் வரை ஆங்கில எழுத்துகளும் உண்டு. 1-ஏ-2-பி-3-சி என்று மாறி மாறிச் செல்ல வேண்டும். இரண்டுக்கும் முன் சின்ன மாதிரித் தாளில் பழக விடுங்கள். பென்சிலை எடுக்காமல் வரையச் சொல்லுங்கள்.

தவறு செய்தால் உடனே சுட்டிக்காட்டி, கடைசியாகச் சரியாக இருந்த வட்டத்துக்குத் திருப்ப வேண்டும். அப்போது கடிகாரம் நிற்காது. அதனால் நீங்கள் மெதுவாகச் சுட்டிக்காட்டினால் அதுவும் அவர் நேரத்தில் ஏறிவிடும். ஒரே 150 வினாடி, தவறே இல்லாத நிதானத்தாலும் வரலாம், மூன்று தவறுகளாலும் வரலாம். தவறின் எண்ணிக்கையைத் தனியே குறிக்காமல் நேரத்தை மட்டும் எழுதினால் இரண்டையும் பிரிக்க வழியில்லை. பி பகுதியை 300 வினாடியில் நிறுத்திவிடுவது வழக்கம்.

ஆங்கில எழுத்து வரிசை மனப்பாடமாக இல்லாதவருக்கு பி பகுதியைக் கொடுக்காதீர்கள். எழுத்துகளைத் தமிழாக்கினாலும், அந்தத் தாளுக்கு இருக்கும் அளவுகோல் பொருந்தாமல் போகும். எண் தெரிந்தவர் என்றால் கலர் ட்ரெயில்ஸ் உண்டு. அதில் எழுத்துக்குப் பதிலாக இளஞ்சிவப்பு, மஞ்சள் வட்டங்கள் மாறி மாறி வரும்.

நான்காம் படி: ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக நான் அமைத்த ஒருவர்: வயது 67, 12ஆம் வகுப்பு வரை படித்தவர். ஏ பகுதி 66 வினாடி, பி பகுதி 142 வினாடி, தவறு ஏதுமில்லை. விலங்குகள் மொத்தம் 14; 15 வினாடிக் கோடுகளுக்கிடையே 5, 4, 3, 2. எழுத்து 'க'வுக்கு 9 சொற்கள்.

2004இல் வெளியான கனடா அட்டவணையில் இந்த வயதுக்கும் படிப்புக்கும் ஏ பகுதியின் சராசரி ஏறத்தாழ 39 வினாடி, திட்ட விலக்கம் 12. பி பகுதிக்கு 91, திட்ட விலக்கம் 29. நம் ஆள் ஏ பகுதியில் 27 வினாடி பின்தங்குகிறார். 12ஆல் வகுத்தால் 2.3 திட்ட விலக்கம். பி பகுதியில் 51 வினாடி. 29ஆல் வகுத்தால் 1.8. எண்களைத் தேடிக் கோடு போடும் எளிய வேலையிலேயே அவர் அதிகம் பின்தங்கிவிட்டார். மாறி மாறிச் செல்லும் வேலை அதற்கு மேல் எதையும் கூட்டவில்லை. பி-யை ஏ-யால் வகுத்தால் 2.2. மூன்றைத் தாண்டினால்தான் மாறிச் செல்வதில் சிக்கல் என்ற சந்தேகம் வலுக்கும்.

ஆக இவருடைய மனம் பாதையை விட்டு விலகவில்லை, மெதுவாக நடக்கிறது. சொல் சரளமும் அதையே சொல்கிறது: விலங்குகள்தான் அதிகம், இரண்டுமே கொஞ்சம் குறைவு, கடைசிவரை சொல் வந்துகொண்டிருக்கிறது. இப்போது காரணத்தைத் தேடலாம். மனச்சோர்வு, பார்கின்சன், மூளையின் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பு, தூக்க மாத்திரை, தைராய்டு குறைவு, கண்புரை எல்லாமே இந்த வடிவத்தைத் தரக்கூடும். கை மீதோ கண் மீதோ சந்தேகம் இருந்தால் தாளை ஒதுக்கிவிட்டு, 1-ஏ-2-பி என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். அது சரளமாக வந்தால் தாமதம் கையிலோ கண்ணிலோ இருக்கலாம்.

இதே வயதில் இன்னொருவர் ஏ பகுதியை 44 வினாடியிலும் பி பகுதியை 215 வினாடியிலும் முடிக்கிறார் என்று வையுங்கள். நடுவில் '4-5-6' என்று எண்களிலேயே மாட்டிக்கொள்கிறார். வேகம் ஏறக்குறைய சராசரி; விகிதம் 4.9. மாறிச் செல்வதையும், எங்கே இருக்கிறோம் என்பதை நினைவில் வைப்பதையும் இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். முதல்வருக்குப் போட்ட காரணப் பட்டியல் இவருக்குப் பொருந்தாது.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டில்

முதல்வருக்கு இப்படி எழுதலாம்: "செயல்வேகம் குறைவு; மாறிச் செல்வதில் தனியான குறைபாடு தெரியவில்லை; தவறு இல்லை; மனநிலை, மருந்துகள், பார்வை, தைராய்டு ஆகியவற்றைச் சரிபார்த்தபின் மறுபரிசோதனை." அட்டவணை கனடாவுடையது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். மருந்தை மாற்றி மறுபடி சோதிக்கும்போது, தாள் பழகிப்போனதாலேயே பி பகுதி நேரம் கொஞ்சம் குறையும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆகவே 142 வினாடி 130 ஆனதை வைத்து மட்டும் மருந்து மாற்றம் பலித்தது என்று எழுத முடியாது. ஏ பகுதியும் சொற்களின் எண்ணிக்கையும் கூடவே மேம்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.