விந்து தண்ணியா, மஞ்சளா, கம்மியா வருதா? லேகியம் வாங்கும் முன் இதைப் பாருங்க

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் லேகிய நோட்டீஸைப் பார்த்துவிட்டு "விந்து நீர்த்துப் போச்சு"ன்னு பயப்படுறவங்க நிறைய. முதலில், நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். வெளிவந்தவுடன் விந்து சாம்பல் கலந்த வெள்ளையாக, கட்டி கட்டியாக இருக்கும். 15 முதல் 30 நிமிடத்தில் தானாகவே இளகி நீர்த்துவிடும். அப்படித்தான் ஆகணும். அடுத்தடுத்து வெளியேற்றினாலும் நீர்த்து, கம்மியாக வரும். ரெண்டு மூணு நாள் விட்டுப் பாருங்கள்.

கெட்டியாக இருந்தால் விந்தணு அதிகம் என்பது தப்பு. விந்தில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர்தான். கு.க. ஆபரேஷன் செய்து சில மாதம் ஆனவருக்கு விந்தணுவே இருக்காது. விந்து பார்க்க அப்படியேதான் இருக்கும். கண்ணால் எண்ண முடியாது. குழந்தைக்கு முயற்சி செய்பவர் விந்துப் பரிசோதனைக்குப் போவதே சரி.

லேசான மஞ்சள் பல நாள் இடைவெளியாலோ, சிறுநீர் கொஞ்சம் கலந்ததாலோ வரலாம். அடர்மஞ்சள் அல்லது பச்சையோடு நாற்றம், எரிச்சல், காய்ச்சல், விதை வலி இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

அளவு விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் வரம்பு 1.4 மில்லி. அதாவது 5 மில்லி டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பென்னாகரத்துக்காரர் ஒருவருக்கு ரிப்போர்ட்டில் 0.8 மில்லி என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மருந்து தேடும் முன் கேட்க வேண்டியது: முதல் துளிகள் டப்பாவுக்கு வெளியே போனதா? விந்தணு அதிகம் இருப்பது அந்த முதல் பகுதியில்தான். அது சிந்தினால் அளவும் எண்ணிக்கையும் சேர்ந்தே குறையும். சிந்தியதை மறைக்காமல் லேபில் சொல்லுங்கள்.

மறுபடி எடுக்கும்போது 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்கட்டும். லேபில் தரும் அகல வாய் டப்பாவே நல்லது. சாதாரண ஆணுறை வேண்டாம், அது விந்தணுவைக் கெடுக்கும். எச்சில், எண்ணெய், சோப்பும் கூடாது. வீட்டில் எடுத்து பஸ்ஸில் கொண்டுவந்தால் வழியிலேயே நேரம் போய்விடும்; அரை மணிக்குள், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். அதனால் தர்மபுரி லேபிலேயே எடுப்பதுதான் என் பரிந்துரை. வீட்டில் எடுத்தே ஆகணும் என்றால் டப்பாவை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஐஸில் வைக்காதீர்கள்.

முழுசாகப் பிடித்தும் 0.8 என்றால் உச்சத்துக்குப் பிறகு போகும் சிறுநீரை டாக்டர் பரிசோதிக்கச் சொல்வார். அதில் விந்தணு நிறைய இருந்தால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பையில் போகிறது என்று பொருள். சர்க்கரை வியாதியாலும், புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரையாலும் இப்படி ஆகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீரிலும் இல்லை, விந்திலும் விந்தணு இல்லை என்றால் குழாய் அடைப்பா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.