போன் வணக்கத்தில் சிரிப்பு எங்கே தொலைகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகம் தெரியாத அழைப்பில் சிரித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் இருக்கிறது, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1980-இல் விவியன் டார்ட்டர் என்ற ஆய்வாளர் ஒரே சொற்களைச் சிரித்த முகத்துடனும் சாதாரண முகத்துடனும் சொல்லச் செய்து பதிவு செய்தார். முகத்தைப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டவர்களுக்கும் எது சிரிப்போடு வந்த குரல் என்று பெரும்பாலும் தெரிந்தது. 1994-இல் அவரும் டேவிட் பிரவுனும் கிசுகிசுப்பான பேச்சை வைத்துச் செய்த ஆய்வில், குரல்நாண் அதிராத அந்தப் பேச்சிலும் சிரிப்பு பிடிபட்டது. அப்படியானால் சிரிப்பு குரலின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் இல்லை. வாயின் வடிவத்திலும் இருக்கிறது.

காரணம் எளியது. சிரிக்கும்போது உதடுகள் பக்கவாட்டில் விரிந்து பல்லோடு ஒட்டுகின்றன. தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள ஒலிப்பாதை சற்றுக் குட்டையாகிறது. புல்லாங்குழல் குட்டையானால் சுருதி ஏறுவதுபோல இந்தப் பாதையின் ஒத்ததிர்வுகளும் ஏறுகின்றன. வளர்ந்த ஆணின் ஒலிப்பாதை ஏறக்குறைய 17.5 சென்டிமீட்டர் என்று கொண்டால், வாயை இயல்பாக வைத்துச் சொல்லும் உயிரொலியின் முதல் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸில் விழும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் அது 530-க்குப் போகும், 1500-இல் இருந்த இரண்டாவது 1590-க்குப் போகும். சிறிய மாற்றம்தான், ஆனால் காதுக்குப் போதும்.

போன் இதை விழுங்கிவிடாதா? பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண்குரலின் அடிச் சுருதி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதால் அது வெட்டுப்படும், மேலே உள்ள அதிர்வுகளை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும். சிரிப்பைச் சுமக்கும் 500-ம் 1500-ம் வெட்டுப்படாத பகுதியில் இருக்கின்றன. ஆகவே போனில் சிரிப்பு காணாமல் போனால் கருவியைக் குறைசொல்லும் முன் நம் வாயைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் ஒலிக்கும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "வணக்கம், பல் மருத்துவமனை, சொல்லுங்க." இதில் தவறுகள் எங்கெங்கே நுழைகின்றன?

போனை எடுத்த பிறகு சிரிக்கத் தொடங்குவது. இதுதான் அதிகம் நடக்கிறது. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துகிறார்கள், "வணக்கம்" சொல்லி முடித்த பிறகு முகம் மலர்கிறது. மூச்சு, தாடை, கன்னம் மூன்றும் ஒரு நொடியில் மாறிவிடாது. அழைத்தவர் காதில் விழுந்த முதல் சொல் இறுகிய முகத்தின் சொல்லாகவே இருக்கும். இரண்டு மணி ஒலிக்கட்டும். முதல் மணியில் கையில் இருக்கும் வேலையிலிருந்து கண்ணை எடுத்து ஒரு மூச்சை முழுதாக வெளியே விடவும். இரண்டாவது மணியில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே கன்னத்தை உயர்த்தவும். அதன் பிறகு எடுக்கவும். மூச்சை இழுத்து நிறுத்திவைத்துக்கொண்டு பேசத் தொடங்கினால் முதல் அசை வெடித்து வரும், அது எரிச்சல்போல் ஒலிக்கும்.

எடுத்த கணமே பேசிவிடுவது. இது குரலின் தவறு இல்லை, இணைப்பின் இயல்பை அறியாததால் வருவது. அழைப்பு இணைந்தவுடன் ஒலிப்பாதை திறக்கச் சிறிது நேரம் ஆகும். புளூடூத் ஹெட்செட் என்றால் இன்னும் கூடும். அமைதியை அமைதி என்றே எண்ணி மைக்கை அடைத்துவைக்கும் மென்பொருள்கள் பேச்சு தொடங்கியதைக் கண்டறியும் முன் முதல் அசையை விட்டுவிடுவதும் உண்டு. எதிர்முனையில் "ணக்கம்" என்று பாதியாக விழும். எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் தலை வெட்டுப்பட்ட வணக்கம் அவசரமாகத்தான் கேட்கும். எடுத்த பின் அரை நொடி நிறுத்திப் பேசினால் போதும். ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது, அதற்குள் அழைத்தவர் "ஹலோ? ஹலோ?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார், இருவர் பேச்சும் மோதும்.

உதட்டை மட்டும் இழுப்பது. "சிரித்துக்கொண்டே பேசுங்கள்" என்று பயிற்சியில் சொன்னால் பலர் தாடையை இறுக்கி உதட்டை இரு பக்கமும் இழுக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் குரல்தான் வருகிறது. வாய்க்குள் இடம் குறைந்து, குரல்வளையும் மேலேறி, ஒலி மெலிந்து கூர்மையாகிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் இணைப்பில் குரல் ஏற்கெனவே மெலிந்துதான் போகும். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் கேட்பவருக்குக் கீச்சென்று இருக்கும். குழந்தையிடம் கொஞ்சுவது மாதிரியும் படலாம், பெரியவர்கள் சிலருக்கு அது மரியாதைக் குறைவு.

தாடை தளர்ந்திருக்க வேண்டும், மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி வேண்டும். இழுப்பு உதட்டில் தொடங்காமல் கன்னத்தின் மேல்பகுதியில், கண்ணுக்குக் கீழே தொடங்கட்டும். 2008-இல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வில், கேட்பவர்கள் சிரிப்பு இருக்கிறதா இல்லையா என்பதோடு, அது எந்த வகைச் சிரிப்பு என்பதையும் ஓரளவு காதாலேயே பிரித்தறிந்தார்கள். ஒட்டவைத்த சிரிப்பு எடுபடாமல் போவதில் வியப்பில்லை.

எல்லாச் சொல்லிலும் சிரிப்பைத் திணிப்பது. இங்கே தமிழ் ஒலிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "ஹலோ"வின் கடைசியில் வரும் ஓ, உதட்டைக் குவித்து முன்னே தள்ளுகிறது. சிரிப்புக்கு நேர் எதிரான அசைவு அது, ஒலிப்பாதை நீள்கிறது, ஒத்ததிர்வு இறங்குகிறது. "சொல்லுங்க"வின் ஒ, உ இரண்டும் அப்படியே. இந்த இடங்களில் உதட்டை விரித்தே வைத்திருக்க முயன்றால் "ஹலோ" என்பது "ஹலே" மாதிரி கோணலாகும். உதடு குவியட்டும், கன்னம் இறங்காமல் இருந்தால் போதும். அந்த இரண்டு சொற்களிலும் கனிவைச் சுமக்க வேண்டியது சுருதி. "ஹலோ"வில் முதல் அசை சற்று உயர்ந்து, "லோ" மெல்ல இறங்கி நீண்டால் வரவேற்பு. "லோ" மேலே ஏறினால் லைன் இருக்கிறதா என்று சோதிக்கும் கேள்வி. பட்டென்று விழுந்தால் "என்ன வேணும்?"

"வணக்கம்" இதைவிட வசதியான சொல். முதல் இரண்டு அசைகளிலும் அகரம், உதடு தாராளமாக விரியலாம். பலர் "வணக்-கம்" என்று க்கவில் அழுத்தி, கடைசி ம்-ஐ அறுத்துவிடுகிறார்கள். உதடு மூடிய பிறகும் ம் மூக்கு வழியே ஒலிக்கக்கூடிய எழுத்து. அதைக் கால் நொடி நீட்டினால் சொல் தரையில் மோதாமல் இறங்கும். அரை நொடி நீட்டினால் வானொலி அறிவிப்பாளர் பாணி வந்துவிடும், வேண்டாம்.

நிறுவனத்தின் பெயரில்தான் கனிவு பெரும்பாலும் சாகிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்லும் சொல் என்பதால் அது வேகமெடுத்து, "பல்மருத்தோனை" என்று ஒரே மூச்சில் ஓடும். வணக்கத்தில் இருந்த வேகமே பெயரிலும் இருக்க வேண்டும், பெயருக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி அளவு இடைவெளி வேண்டும். முழு வாக்கியத்துக்கும் இரண்டரை முதல் மூன்று நொடி ஆகலாம். கடிகாரம் வைத்துப் பார்த்தால் பலருக்கு ஒன்றரை நொடியில் முடிந்திருக்கும்.

சத்தத்தைக் கனிவு என்று நினைப்பது. உற்சாகம் காட்டக் குரலை உயர்த்துவார்கள். போனில் உள்ள தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு பெரிய சத்தத்தைக் குறைத்து, சிறிய சத்தத்தைக் கூட்டி அனுப்புகிறது. சத்தத்தைக் குறைக்க முடிந்த கருவிக்குத் தொண்டையின் இறுக்கத்தைக் குறைக்கத் தெரியாது. எதிர்முனைக்குச் சத்தம் போகாமல் இறுக்கம் மட்டும் போகும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவே சரி. மைக் வாய்க்கு நேர் முன்னால் இல்லாமல் வாயோரத்தில், இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். நேர் முன்னால் இருந்தால் ப, ஹ ஒலிகளின் காற்று மைக்கில் இடித்துப் புஸ்ஸென்று கேட்கும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: மூக்கால் விடும் மௌனச் சிரிப்பு. நேரில் அது அழகு. போனில் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் அதை மின்விசிறிக் காற்றோடு சேர்த்து நீக்கிவிடலாம். கேட்பவருக்கு எஞ்சுவது மௌனம். சிரிப்பைக் காட்ட வேண்டிய இடத்தில் "ஆமாங்க", "சரிங்க" என்று குரலோடு ஏதாவது ஒரு சொல் வர வேண்டும்.

பதிலைக் கேட்காமல் சிரிப்பைத் தொடர்வது. வணக்கம் வரை நமக்கு அழைத்தவர் நிலை தெரியாது. அவர் முதல் வாக்கியம் பேசியவுடன் தெரிந்துவிடும். "குழந்தை விழுந்து பல்லு உடைஞ்சிருச்சுங்க" என்று ஒரு தாய் பதறிச் சொல்கிறார் என்றால், அந்த நொடியே கன்னம் இறங்க வேண்டும், சுருதி தாழ வேண்டும், வேகம் குறைய வேண்டும். "பதறாதீங்கம்மா, பல்லு கையில இருக்கா?" என்ற கேள்வி சிரித்த குரலில் போனால் அலட்சியமாகவே படும். சிரிப்பு நின்றாலும் கனிவு நிற்காது, தாழ்ந்த சுருதியிலும் நீண்ட சொல்முடிவிலும் அது தங்கும். துக்கம் விசாரிக்க நாமே அழைக்கும்போது முதல் சொல்லிலிருந்தே இந்தக் குரல்தான் வேண்டும். வேலையிடத்தில் பழகிய சிரிப்பு "ஹலோ" அங்கே பழக்கத்தால் நுழைந்துவிடும், டயல் செய்யும் முன்பே தாடையையும் கன்னத்தையும் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

பேச்சின் தாக்கத்தில் தொனிக்கு 38 சதவீதம், சொல்லுக்கு 7 சதவீதம், மீதி முகபாவத்துக்கு என்று பயிற்சி வகுப்புகளில் ஓடும் கணக்கை நம்பி, என்ன சொல்கிறோம் என்பதை விட்டுவிடவும் வேண்டாம். 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து கிளம்பியது அது. தனித்தனிச் சொற்களை வைத்து, பேசுபவரின் விருப்பு வெறுப்பை மட்டும் ஊகிக்கச் சொன்ன சோதனைகள் அவை. பல் உடைந்த குழந்தையின் தாய்க்கு, எப்போது வரலாம் என்ற விவரம்தான் முதலில் தேவை.

உங்கள் வணக்கத்தைச் சோதிக்க ஒலிப்பதிவுச் செயலி போதாது, அது முழு ஒலியையும் பதியும், இணைப்பு வெட்டுவதைக் காட்டாது. வேறு அறையில் இருக்கும் ஒருவரைப் போனில் அழையுங்கள். காசைச் சுண்டி, தலை விழுந்தால் சிரிப்போடும் பூ விழுந்தால் சாதாரண முகத்தோடும் அதே வாக்கியத்தை இருபது தடவை சொல்லுங்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் "சிரிப்பு" அல்லது "இல்லை" என்று குறிக்கட்டும். பத்தை ஒட்டிச் சரியாக வந்தால் அது வெறும் ஊகம், சிரிப்பு போய்ச் சேரவில்லை. பதினைந்துக்கு மேல் வந்தால் சேர்கிறது. அப்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "சிரிப்பு" என்று குறித்தவற்றில் எவை செயற்கையாகப் பட்டன? பெரும்பாலும் தாடை இறுகியவை அந்தப் பட்டியலில் வரும்.