மேட்ச் ஆனவர் இன்ஸ்டா ஐடி கேட்டால்

டேட்டிங் ஆப்பில் மேட்ச் ஆன ரெண்டாவது நாளே "இன்ஸ்டா ஐடி சொல்லுங்க" என்று கேள்வி வந்துவிடும். அக்கவுண்ட் பிரைவேட்தானே என்று என் கும்பகோணத்துத் தோழி ஐடியைக் கொடுத்து, ரெக்வஸ்ட்டையும் ஏற்றுக்கொண்டாள். ஏற்றுக்கொண்டால் போட்டோ மட்டுமா தெரியும், ஃபாலோயர் லிஸ்ட்டும் திறந்துவிடும். அதில் சித்தி பையன், காலேஜ் கூட்டம், ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். மகாமகக் குளத்துப் பக்கம் ரெண்டு பேரை விசாரித்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம், நம்ம ஊர் அப்படி. பணம் பறிக்கிறவர்களுக்கும் இந்த லிஸ்ட்தான் வேண்டும், "உன் படத்தை இவங்களுக்கெல்லாம் அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவதற்கு.

அதனால் முதலில் ஆப்புக்குள்ளேயே ஒரு வீடியோ கால் பேசி, படத்தில் இருப்பவர்தானா என்று பாருங்கள். அதற்கு மட்டும் நழுவிக்கொண்டே ஐடியை நச்சரித்தால், கொடுக்காதீர்கள். பேசி, பகலில் ஒருதரம் காபிக் கடையில் சந்தித்து, சரி என்று பட்டால் கொடுக்கலாம். அதற்கு முன் உங்கள் ஐடியைக் கூகுளில் தேடிவிடுங்கள். அதே பெயரில் எப்போதோ போட்ட போன் நம்பர் எங்காவது கிடக்கும். அப்புறம் ஒத்துவரவில்லை என்றால் ஃபாலோயர் லிஸ்ட்டிலிருந்து அவரை நீக்கிவிடலாம், அவருக்கு நோட்டிஃபிகேஷன் போகாது. ஏற்கெனவே எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் அவரிடமே இருக்கும்.