எழுந்து நின்னா தலை சுத்துதா? ஸ்டாண்டிங் டெஸ்ட்ல நடக்குற தப்புகள்

எங்க வீட்ல ரெண்டு பேர் ஒரே கம்ப்ளைண்ட் சொல்லிட்டு இருந்தாங்க, எழுந்து நின்னா தலை சுத்துதுன்னு. ஒண்ணு என் தங்கச்சி, 22 வயசு, இன்னொருத்தர் எழுபது தாண்டின எங்க அப்பா. தங்கச்சிக்கு அஞ்சு மாசமா நின்னாலே படபடன்னு அடிச்சுக்கும், குளிச்சுட்டு வந்தா அப்படியே கட்டில்ல சாஞ்சுடுவா. போன இடத்துல எல்லாம் உட்கார வச்சு பிரஷர் பாத்துட்டு நார்மல், டென்ஷன்தான்னு அனுப்பிட்டாங்க.

முதல் தப்பே அங்கதான். உட்கார்ந்து பாத்தா இது தெரியாதுங்க. படுத்திருக்கறப்போ ஒரு ரீடிங், நின்னதுக்கப்புறம் ரீடிங், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் டெஸ்ட்டே. கடைசியா ஒரு டாக்டர் சொல்லிக்குடுத்த மாதிரி காலையில காபி குடிக்கறதுக்கு முன்னாடி வீட்லயே பண்ணினோம் (இது காலையில நல்லா தெரியும், சாயங்காலம் பண்ணினா நழுவிடலாம்). பத்து நிமிஷம் பேசாம படுக்க வச்சு பாத்தா பல்ஸ் 72, பிரஷர் 112/70. அப்புறம் சுவத்துல முதுகு சாஞ்சு, குதிகால் மட்டும் சுவத்துலருந்து ஒரு ஜாண் தள்ளி நிக்க வச்சோம், நான் பக்கத்துலயே நின்னேன், ஏன்னா சாஞ்சு விழுந்துட்டா பிடிக்கணும், மயக்கம் வர்ற மாதிரி இருந்தா உடனே நிறுத்திடணும்.

ஒரு நிமிஷத்துல பல்ஸ் 94, மூணாவது நிமிஷம் 99. இங்கயே நிறுத்தியிருந்தா 27தானே ஏறியிருக்கு, ஒண்ணுமில்லன்னு விட்டிருப்போம், இது ரெண்டாவது தப்பு. பத்தாவது நிமிஷம் 114, பிரஷர் 108/76, பாதம் ரெண்டும் கத்திரிப்பூ கலர்ல ஆயிடுச்சு, கை நடுங்குது. பிரஷர் இறங்காம பத்து நிமிஷத்துக்குள்ள பல்ஸ் 30க்கு மேல ஏறி அப்படியே நின்னு, மூணு மாசத்துக்கு மேல தொந்தரவும் இருந்தாதான் பாட்ஸ், அதாவது நின்னா பல்ஸ் அளவுக்கு மீறி ஏறுற கோளாறுன்னு சொல்றாங்க, 12லருந்து 19 வயசு வரைக்கும் அது 40. நடுவுல காலை அசைக்கவோ மாத்தி மாத்தி நிக்கவோ விட்டுடாதீங்க, கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேல தள்ளிடும், நம்பர் பொய் சொல்லும். ஒரு தடவை வந்த நம்பரை வச்சே முடிவும் பண்ணக்கூடாது, ரத்தசோகை, தைராய்டு, தண்ணி பத்தாம போறது இதெல்லாம் கூட இதே மாதிரி பல்ஸை ஏத்தும், அதனால ரத்த டெஸ்ட்டும் ஈசிஜியும் எடுத்துட்டுதான் டாக்டர் பாட்ஸ்னாரு.

அப்பாவுக்கும் அதே டெஸ்ட்தான். படுத்து 148/82, பல்ஸ் 70. நின்னு ஒரு நிமிஷத்துல 118/70, மூணாவது நிமிஷமும் கிட்டத்தட்ட அதேதான், பல்ஸ் மட்டும் வெறும் 74. மூணு நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் 20 இல்ல கீழ் நம்பர் 10 இறங்கி அப்படியே இருந்தா அது ஆர்த்தோஸ்டேடிக் ஹைப்போடென்ஷன். இவ்ளோ இறங்கியும் பல்ஸ் ஏறலன்னா நரம்பு சரியா சிக்னல் குடுக்கலையோன்னு சந்தேகப்படணும். பிரஷர் மட்டும் பாத்து பல்ஸை விட்டுட்டா இந்த விஷயமே கைக்கு வராது. அதோட அவர் பிரஷர் மாத்திரையும் ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசினும் போட்டுட்டு இருந்தாரு, டாம்சுலோசினே நிக்கறப்போ பிரஷரை இறக்கும். நாங்களா எதையும் நிறுத்தல, டாக்டர்தான் மாத்திக்குடுத்தாரு.

இனி மூணாவது தப்பு, இதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்குற ஒண்ணு: தலை சுத்துதா, உப்பு போட்டு மோர் குடின்னு எல்லாருக்கும் சொல்றது. தங்கச்சிக்கு டாக்டரே உப்பைக் கூட்டச் சொன்னாரு, ஒரு நாளைக்கு சாப்பாட்டோட சேத்து 10 கிராம் வரைக்கும், ரெண்டு மூணு லிட்டர் தண்ணியோட. படுத்தா 148 இருக்குற அப்பாவுக்கு அதையே குடுத்தா ராத்திரி பிரஷர் எங்க போய் நிக்கும்? ஹார்ட், கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கும் இது ஆகாது. அவருக்கு வேற வழி, கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் கீழ செங்கல் வச்சு அரை அடி தூக்கினோம் (தலையணை அடுக்கினா கழுத்துதான் மடங்கும், உடம்பு சாயாது), அப்புறம் காலையில எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி அரை லிட்டர் தண்ணி ரெண்டு மூணு நிமிஷத்துல மடமடன்னு. கொஞ்ச நேரத்துல பிரஷர் ஏற ஆரம்பிக்கும், ஒரு மணி நேரம் போல தாங்கும், அந்த நேரத்துலதான் குளிக்கப் போவாரு.

சாக்ஸ் விஷயத்துலயும் ஏமாந்தோம். முட்டி வரைக்கும் வர்றது வாங்கிக்குடுத்தேன், பெருசா பலன் இல்ல, ஏன்னா நிக்கறப்போ ரத்தம் வயித்துலயும் தொடையிலயும் கூட தேங்குது. இடுப்பு வரைக்கும் வர்ற கம்ப்ரஷன் டைட்ஸ் மாத்தினதுக்கப்புறம்தான் தங்கச்சியால சமையல்கட்டுல நிக்க முடிஞ்சுது. எக்சர்சைஸும் அப்படித்தான், முதல் வாரமே வாக்கிங் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாள் படுக்கையில போட்டுட்டேன், இப்போ தரையில படுத்துக்கிட்டே கால் பயிற்சி பண்றா, சாஞ்சு உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள் இப்போதைக்கு அஞ்சு நிமிஷம், வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டறோம். கியூவுல நிக்கறப்போ மட்டும் காலைக் குறுக்க போட்டு தொடையை இறுக்கிப் பிடிச்சுக்குவா.