லாபத்தில் சந்தையின் பங்கு எவ்வளவு, திறமையின் பங்கு எவ்வளவு? ரிக்ரெஷன் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விதிமுறை வகுத்துக்கொண்டு பங்கு வாங்கி விற்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "நிஃப்டி 18 சதவீதம் ஏறியது, என் முறை 24 சதவீதம் கொடுத்தது. சந்தையை 6 சதவீதம் முந்திவிட்டேன்." இந்தக் கழித்தலே முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதே தவறு வேறு வடிவங்களில் வருவதுதான். சந்தை தானாகக் கொடுத்த வருமானம் எங்கோ ஓரிடத்தில் கணக்கிலிருந்து விடுபட்டு, திறமையின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது.

24-இலிருந்து 18-ஐ அப்படியே கழித்தால், அந்த முறையின் பீட்டா 1 என்று சொல்லாமலே முடிவு செய்துவிடுகிறோம். அதாவது, சந்தை 1 சதவீதம் அசைந்தால் போர்ட்ஃபோலியோவும் 1 சதவீதமே அசையும் என்று எடுத்துக்கொள்கிறோம். 52 வார உச்சத்துக்கு அருகில் உள்ள 20 மிட்கேப் பங்குகளை மாதம் ஒருமுறை மாற்றி வாங்கும் முறைக்கு அது பொருந்தாது. அத்தகைய முறை சந்தையைவிட வேகமாக ஏறும், வேகமாக இறங்கும். அந்த வேகத்தை அளப்பதற்குத்தான் ரிக்ரெஷன். முறையின் மாத வருமானங்களைக் குறியீட்டின் மாத வருமானங்களோடு பொருத்திப் பார்க்கிறோம். கிடைக்கும் கோட்டின் சாய்வு பீட்டா. சந்தை அசையாத மாதத்திலும் மிஞ்சும் வெட்டுத்துண்டு ஆல்பா. மைக்கேல் ஜென்சன் 1968-இல் 115 அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளின் 1945–64 காலத்து வருமானத்தை இந்த வழியில்தான் சோதித்தார். செலவு போக, சராசரி ஆல்பா ஆண்டுக்குச் சுமார் 1.1 சதவீதம் எதிர்மறையாக இருந்தது.

இனி ஓர் உதாரணக் கணக்கு. 36 மாதத் தரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாத சராசரியை 12-ஆல் பெருக்கினால் முறைக்கு 24, டிவிடெண்டும் சேர்ந்த நிஃப்டி 50-க்கு 18, 91 நாள் ட்ரெஷரி பில்லுக்கு 6.5 சதவீதம். ரிக்ரெஷனில் வந்த பீட்டா 1.3. ரிஸ்க் இல்லாத வட்டிக்கு மேல் சந்தை கொடுத்தது 11.5. அதை 1.3-ஆல் பெருக்கினால் 14.95. வட்டி 6.5-ஐச் சேர்த்தால் 21.45. இந்த அளவை எந்தத் திறமையும் இல்லாமல், நிஃப்டியில் 1.3 மடங்கு பணத்தைப் போட்டே எடுத்திருக்கலாம். எனவே ஆல்பா 6 அல்ல, 2.55.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: கூட்டு வளர்ச்சி விகிதத்தை இந்தக் கணக்கில் கலக்கக் கூடாது. பீட்டா மாத வருமானங்களில் இருந்து வந்தது. சராசரியும் அதே மாத வருமானங்களின் எளிய சராசரியாகவே இருக்க வேண்டும்.

அடுத்த தவறு, எதை எதோடு பொருத்துகிறோம் என்பதில் வருகிறது. செய்தித்தாளில் பார்க்கும் நிஃப்டி எண் விலைக் குறியீடு. அதில் டிவிடெண்ட் இல்லை. உங்கள் கணக்கிலோ டிவிடெண்ட் வந்து சேர்ந்திருக்கிறது. டிவிடெண்ட் ஆண்டுக்கு 1.3 சதவீதம் என்று கொண்டால், பீட்டா 1.3-ஆக இருக்கும்போது ஆல்பா சுமார் 1.7 சதவீதம் வீங்கும். 2.55 என்பது 4.2-க்கு மேல் போய்விடும். டிவிடெண்டைச் சேர்த்துக் கணக்கிடும் டிஆர்ஐ குறியீட்டோடுதான் ஃபண்டுகள் தம்மை ஒப்பிட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரி 1 முதல் கட்டாயமாக்கியதற்கு இதுவே காரணம். தனி முதலீட்டாளருக்கும் அதே அளவுகோல்தான் நியாயம்.

வட்டியைக் கழிக்காமல் விடுவது இதைவிட நயமான பிழை. இரு பக்கமும் ட்ரெஷரி பில் வட்டியைக் கழித்த பிறகே ரிக்ரெஷன் போட வேண்டும். கழிக்காவிட்டால், ஒன்றிலிருந்து பீட்டாவைக் கழித்து, அதை வட்டியால் பெருக்கிய அளவு ஆல்பாவில் ஒட்டிக்கொள்ளும். பீட்டா 1.3 என்றால் ஆல்பா கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைத்துக் காட்டப்படும். பாதிப் பணத்தை லிக்விட் ஃபண்டில் வைத்திருக்கும், பீட்டா 0.4 உள்ள முறைக்கோ 3.9 சதவீதம் கூட்டிக் காட்டப்படும். அந்த 3.9 வெறும் வட்டி.

தேதிகள் பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள். போர்ட்ஃபோலியோ மதிப்பை 28-ஆம் தேதி எடுத்து, குறியீட்டை மாதக் கடைசி வர்த்தக நாளில் எடுத்தால் பீட்டா குறைந்து, ஆல்பா தானாக உயரும். அதிகம் கைமாறாத ஸ்மால்கேப் பங்குகளை வைத்து தினசரி ரிக்ரெஷன் போடும்போதும் இதுவே நடக்கிறது. சந்தை இன்று விழுந்தால் அந்தப் பங்கின் விலை நாளையோ மறுநாளோதான் விழும். 2001-இல் அஸ்னஸ், க்ரெய்ல், லியூ மூவரும் ஹெட்ஜ் ஃபண்ட் குறியீடு ஒன்றின் மாத வருமானத்தை எடுத்து, அதே மாதத்துச் சந்தையோடு முந்தைய மாதங்களின் சந்தை வருமானத்தையும் சேர்த்து ரிக்ரெஷன் போட்டார்கள். பீட்டா 0.37-இலிருந்து 0.84-க்குத் தாவியது. உங்கள் தரவிலும் முந்தைய காலத்துச் சந்தை வருமானத்தை ஒரு பத்தியாகச் சேர்த்து, பீட்டாக்களின் கூட்டுத்தொகை கணிசமாக ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நான் அதிகம் வருந்துவது அடுத்த தவறைப் பார்த்துத்தான், ஏனெனில் கணக்கு கச்சிதமாக இருக்கும்போதே முடிவு தவறாகிவிடுகிறது. மிட்கேப் பங்குகளை வாங்கும் முறையை நிஃப்டி 50-உடன் மட்டும் பொருத்துவது அது. மிட்கேப் பங்குகள் மொத்தமாக நிஃப்டியை முந்திய ஆண்டுகளில், கண்ணை மூடிக்கொண்டு எந்த 20 மிட்கேப் பங்கை எடுத்திருந்தாலும் ஆல்பா வந்திருக்கும். இதைச் சரிசெய்ய இரண்டாவது பத்தி ஒன்று போதும்: நிஃப்டி மிட்கேப் 150 டிஆர்ஐ வருமானத்தில் இருந்து நிஃப்டி 50 டிஆர்ஐ வருமானத்தைக் கழித்த வித்தியாசம். எக்ஸெலில் இப்படி எழுதலாம்:

```
=LINEST(B2:B37, C2:D37, TRUE, TRUE)
```

B-இல் வட்டி கழித்த முறை வருமானம், C-இல் வட்டி கழித்த நிஃப்டி, D-இல் மிட்கேப் வித்தியாசம். விடை தலைகீழ் வரிசையில் வரும்: முதல் வரியில் முதலில் D-க்கான எண், பிறகு C-க்கான எண், கடைசியில் ஆல்பா. D-க்கான எண்ணைச் சந்தை பீட்டா என்று படித்துவிடுபவர்கள் பலர். இரண்டாம் வரியில் அதே வரிசையில், ஒவ்வோர் எண்ணும் தற்செயலாக எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்று காட்டும் திட்டப் பிழைகள் இருக்கும்.

நம் உதாரணத்தில் மிட்கேப் வித்தியாசம் ஆண்டுக்கு 5 சதவீதம், அதற்கான எண் 0.6, நிஃப்டி பீட்டா 1.2 என்று வந்ததாகக் கொள்வோம். வட்டிக்கு மேல் முறை எடுத்தது 17.5. அதில் நிஃப்டியின் பங்கு 13.8, மிட்கேப்பின் பங்கு 3. மிஞ்சுவது 0.7. ஆறில் தொடங்கிய "திறமை" இங்கே வந்து நிற்கிறது. பங்குப் பரிவர்த்தனை வரி, தரகு, விலை வித்தியாசம் ஆகியவற்றை இன்னும் கழிக்கவில்லை. டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீத வரி உண்டு. மாதம்தோறும் போர்ட்ஃபோலியோவில் பாதியை மாற்றுபவருக்கு அந்த வரி மட்டுமே ஆண்டுக்கு 1.2 சதவீதம். வருமானம் செலவுக்கு முந்தையது என்றால் ஆல்பா அங்கேயே தீர்ந்துபோகிறது.

பீட்டா எல்லா மாதங்களிலும் ஒன்றே என்று நம்புவது இன்னொரு பிழை. நிஃப்டி 200 நாள் சராசரிக்குக் கீழே போனால் முழுப் பணத்தையும் லிக்விட் ஃபண்டுக்கு மாற்றும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கில் இருக்கும் மாதங்களில் அதன் பீட்டா 1.2, வெளியே இருக்கும்போது பூஜ்யம். ரிக்ரெஷன் இரண்டையும் கலந்து 0.8 என்று சொல்லக்கூடும். அப்படி ஒரு மாதம்கூட உண்மையில் இருந்ததில்லை. 2020 பிப்ரவரி இறுதியில் நிஃப்டி 200 நாள் சராசரிக்குக் கீழே இறங்கியிருந்தது. மார்ச்சில் 23 சதவீதம் விழுந்தது. அந்த மாதம் பணத்தோடு வெளியே நின்ற முறைக்கு 0.8 பீட்டா கணக்கின்படி 18 சதவீதத்துக்கு மேல் ஆல்பா. அதை 36 மாதங்களில் பரப்பினால் மாதம் அரை சதவீதம், ஆண்டுக்கு 6 சதவீதம். எல்லாம் ஒரே மாதத்தின் கொடை. ஏப்ரலில் சந்தை 14 சதவீதத்துக்கு மேல் எழுந்தபோதும் நிஃப்டி அந்தச் சராசரிக்குக் கீழேயே இருந்ததால், அந்த ஏற்றத்தைத் தவறவிட்டதற்கான இழப்பும் இதில் கழியும். எனவே பெரிய மாதங்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு ரிக்ரெஷனை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வெளியேறியது திறமையில்லையா என்று கேட்பார்கள். இருக்கலாம், ஆனால் அது பங்குத் தேர்வுத் திறமை அல்ல. நேரம் பார்க்கும் விதியின் பலன். இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் உங்கள் பணத்தில் எத்தனை சதவீதம் சந்தையில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விகிதத்தால் வட்டி கழித்த நிஃப்டி வருமானத்தைப் பெருக்கி, C பத்தியில் அதை வையுங்கள். இப்போது கிடைக்கும் ஆல்பா பங்குத் தேர்வினுடையது. அதே விதியை ஒரு நிஃப்டி இடிஎஃப் வைத்து நடத்தியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது நேரத்தின் பங்கு. ஆப்ஷன் விற்கும் முறைகளுக்கு இந்தத் திருத்தமும் போதாது. அமைதியான மூன்றாண்டுத் தரவில் அவற்றின் பெருநஷ்ட மாதமே இருக்காது. இல்லாத மாதத்தை எந்த ரிக்ரெஷனும் அளக்காது.

கடைசியாக, ஆல்பாவின் எண்ணை மட்டும் படித்து அதன் திட்டப் பிழையைப் படிக்காமல் விடுவது. முதல் ரிக்ரெஷனுக்கே திரும்புவோம். கோட்டில் இருந்து மாத வருமானங்கள் விலகும் அளவு 3 சதவீதம் என்றால், 36 மாதங்களுக்கு ஆல்பாவின் திட்டப் பிழை மாதம் சுமார் 0.5 சதவீதம். ஆல்பாவோ மாதம் 0.21. பிழை ஆல்பாவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பிழை 6 சதவீதம்; அதை இரண்டு மடங்காக எடுத்தால் 2.55 என்ற எண்ணின் இரு பக்கமும் 12 சதவீத அகலம். இதே ஆல்பா, இதே விலகல் நீடித்தால், அது தற்செயல் அல்ல என்று, ஆல்பா பிழையைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்ற வழக்கமான அளவுகோலில் சொல்வதற்குச் சுமார் 66 ஆண்டுத் தரவு வேண்டும்.

இதற்கு மாற்றாகத் தினசரித் தரவுக்குப் போனால் எண்ணிக்கை 700-ஐத் தாண்டும், பிழை சுருங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பீட்டாவுக்கு அது உண்மை. ஆல்பாவுக்கு உதவாது, ஏனென்றால் சராசரி வருமானத்தின் துல்லியம் காலம் எத்தனை ஆண்டு நீள்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் காலத்தை எத்தனை துண்டாக வெட்டினோம் என்பதைப் பொறுத்ததல்ல. குறுகிய காலத் தரவில் உண்மையாகவே உதவக்கூடியது விலகலைக் குறைப்பதுதான். சரியான இரண்டாவது குறியீட்டைச் சேர்த்து விலகல் மாதம் 3-இலிருந்து 1.5 ஆகக் குறைந்தால், தேவைப்படும் காலம் நான்கில் ஒரு பங்காகும். ஆனால் மிட்கேப் பத்தியைச் சேர்த்ததும் ஆல்பாவும் 0.7-ஆகச் சுருங்கியிருந்தது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.