வாரிசு சான்றிதழ்: மனு போடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வாரிசு சான்றிதழ் மனு போடுவது பெரிய வேலை இல்லை. பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போனாலோ, tnesevai.tn.gov.in தளத்தில் REV-114 என்ற சேவையைத் திறந்தாலோ அரை மணி நேரத்தில் மனு போய்விடும். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். மனு விஏஓ, வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைத் தாண்டித் தாசில்தாரிடம் போகும். அவர் டிஜிட்டல் கையெழுத்துடன் சான்றிதழ் தருவார். அப்படியிருந்தும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாதக்கணக்கில் அலைபவர்கள் நிறைய. பெரும்பாலும் கோளாறு இருப்பது மனுவில் அல்ல, அதற்கு முன்னால் வாங்கிய இறப்புச் சான்றிதழிலும், வாரிசுகள் என்று யார் யாரைச் சொன்னோம் என்பதிலும்தான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரர், பெங்களூரில் கட்டட மேஸ்திரி. பெயர் மாதப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாமல் பெங்களூரு மருத்துவமனையில் சேர்த்து, அங்கேயே இறந்துவிட்டார். ஊரில் வயதான அம்மா இருக்கிறார். மனைவி, ஒரு மகன், பாலக்கோட்டில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். மூத்த மகன் நான்கு வருடம் முன்பே விபத்தில் போய்விட்டான். அவன் மனைவியும் குழந்தையும் அவள் அப்பா வீட்டில் இருக்கிறார்கள்.

இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அங்கேதான் பதிவாகும். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தாலும், சான்றிதழ் பெங்களூரில்தான் வாங்க வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் பதிவுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனை. அவர்கள் எடுப்பது அட்மிஷன் சீட்டில் உள்ள பெயரை. அவசரத்தில் கூட இருந்தவர் வாயால் சொன்னதை அங்குள்ளவர் தன் வழக்கப்படி ‘மாதப்பா’ என்று எழுதியிருப்பார். இங்கே ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் மாதப்பன். இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் மாட்டுகின்றன.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. அதில் அப்பா அல்லது கணவர் பெயர், அம்மா பெயர், அப்புறம் இரண்டு முகவரிகள் இருக்கும்: இறந்த சமயத்தில் இருந்த முகவரி ஒன்று, நிரந்தர முகவரி ஒன்று. இரண்டிலுமே பெங்களூரு வாடகை வீட்டை எழுதியிருந்தால், இவர் பென்னாகரத்துக்காரர்தானா என்று தாசில்தார் அலுவலகம் கேட்கும். இறந்தவர் நிரந்தரமாகக் குடியிருந்த ஊர் எந்தத் தாலுகாவோ, அங்கேதான் மனு போக வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே.

திருத்தம் வேண்டுமென்றால், இறப்பைப் பதிவு செய்த அலுவலகம்தான் செய்ய முடியும். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. இங்கே இருக்கும் விஏஓவோ தாசில்தாரோ கர்நாடகப் பதிவேட்டில் கை வைக்க முடியாது. முத்திரைத்தாளில் ‘மாதப்பாவும் மாதப்பனும் ஒருவரே’ என்று நோட்டரி கையெழுத்தோடு எழுதிக்கொடுத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. சில இடத்தில் அது செல்லுபடியாகும். ஆனால் அதே இறப்புச் சான்றிதழை நாளைக்கு வங்கி கேட்கும், காப்பீட்டுக்காரர் கேட்பார், பட்டா மாற்றும்போது கேட்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்வதைவிட, மருத்துவமனை ரெக்கார்டு கிடைக்கும்போதே மூலத்தில் திருத்திவிடுவது நல்லது. அதைவிட நல்லது, அட்மிஷன் போடும்போதே வாயால் சொல்லாமல் ஆதாரை நீட்டுவது.

அடுத்த தவறுதான் சண்டையில் போய் முடிவது: வாரிசுகளில் சிலரை விட்டுவிடுவது. கட்டிக்கொடுத்த மகளை எழுத வேண்டாம் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தபோதே மகள் முதல் வகுப்பு வாரிசு. திருமணம் ஆனதா ஆகவில்லையா என்பது கணக்கே இல்லை. சீர் செய்தோம், நகை போட்டோம் என்பது வீட்டுக்குள் பேசும் பேச்சு, சான்றிதழில் அதற்கு இடமில்லை.

மகளையாவது இப்போது பலர் சேர்த்துவிடுகிறார்கள். மறந்துபோவது அம்மாவை. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி பிள்ளைகளோடு அவரைப் பெற்ற அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. மாதப்பன் இறந்த அன்று அம்மா உயிரோடு இருந்தார் என்பதே போதும். மனு போடுவதற்குள் அந்த அம்மாவும் காலமாகிவிட்டால் விட்டுவிடலாமா? கூடாது. அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும் என்பதால்தான் சிலர் வேண்டுமென்றே மறைக்கிறார்கள். அப்புறம் சித்தப்பாவோ அத்தையோ ஆட்சேபணை கொடுத்தால், வாங்கிய சான்றிதழே ரத்தாகலாம். அந்த அம்மாவின் இறப்புச் சான்றிதழையும் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் வழி. இறந்தவர் பெண் என்றால் கணக்கு வேறு. கணவர், பிள்ளைகள் இருக்கும்போது அவருடைய அம்மா வரமாட்டார். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவரவர் சட்டப்படி பார்க்க வேண்டும்.

மூத்த மகன் விஷயமும் இதே மாதிரிதான். அவன் போய்விட்டதால் அவன் கிளையே முடிந்துவிட்டது என்று ஆகாது. அவன் மனைவிக்கும் குழந்தைக்கும் அவனுடைய இடம் உண்டு. மனுவிலும் விஏஓ விசாரணையிலும் அவர்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவனுடைய இறப்புச் சான்றிதழும் வேண்டும். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் ஆதார் நகல் வாங்கச் சிரமம்தான். பெரியவர் யாரையாவது அனுப்பியாவது வாங்குங்கள்.

ஆவணங்கள் என்று பார்த்தால், இறப்புச் சான்றிதழ், இறந்தவர் மற்றும் எல்லா வாரிசுகளின் ஆதார், குடும்ப அட்டை, விண்ணப்பதாரரின் புகைப்படம், கையெழுத்திட்ட சுய உறுதிமொழிப் படிவம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. குடும்ப அட்டையில்தான் ஒரு சிக்கல். மாமியார் வீட்டு அட்டைக்குப் பெயர் மாற்றிக்கொண்ட மகள் உங்கள் அட்டையில் இருக்கமாட்டாள். ஆதாரிலும் கணவர் பெயரே இருக்கும். அவள் மாதப்பனின் மகள் என்று காட்ட, அப்பா பெயருள்ள பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ தேவைப்படும். இன்னொன்று, இறந்தவர் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அவர் இந்த வீட்டில், இந்த ஊரில் இருந்தார் என்பதற்கு அதுதான் கையில் இருக்கும் நல்ல ஆதாரம்.

மனு போட்டபின் விஏஓ வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். எல்லோரும் பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குத் திரும்பிவிட்டு, வீடு பூட்டியிருந்தால் மனு அப்படியே நிற்கும். பதிவு செய்த போன் நம்பர் இ-சேவை மையத்துக்காரருடையதாக இல்லாமல் உங்களுடையதாக இருக்கட்டும். கூடுதல் ஆவணம் கேட்டால் தகவல் அதற்குத்தான் வரும். ஏதாவது காரணத்தால் தள்ளுபடி ஆனால், காரணத்தைப் படிக்காமலேயே மறுபடி புது மனு போடுகிறார்கள்; அதே காரணத்துக்காக அதுவும் தள்ளுபடியாகும். ஆவணக் குறை என்றால் அதைச் சரிசெய்து போடுங்கள். ஆவணமெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்: பென்னாகரத்துக்குத் தருமபுரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்கு ஓசூர் சார் ஆட்சியர்.