மாத்திரை இல்லாம தூக்கத்த திரும்ப கொண்டு வர

எங்க அம்மா 10 மணிக்கே படுத்துருவாங்க, 6 மணிக்கு எந்திரிப்பாங்க, ஆனா தூங்குறது என்னவோ அஞ்சரை மணி நேரம்தான், மீதி நேரம் ஃபேனையே பார்த்துட்டு கிடப்பாங்க. ஒரு வாரம் நோட்ல எழுதி பார்த்துதான் இந்த கணக்கு தெரிஞ்சுது.

அப்புறம் தூங்குற அந்த அஞ்சரை மணி நேரம் மட்டும் கட்டில்ல இருக்குற மாதிரி, படுக்குறதையே ராத்திரி 12:30க்கு தள்ளிட்டோம், எந்திரிக்கிறது தினமும் அதே 6 மணி, ஞாயித்துக்கிழமையும்தான், பகல் தூக்கம் கிடையாது. படுத்து இருபது நிமிஷம் மாதிரி ஆகியும் தூக்கம் வரலன்னா (கடிகாரத்த பார்க்க வேணாம்) எந்திரிச்சு ஹால்ல மங்கலான வெளிச்சத்துல உக்காரணும், கண்ணு சொக்குனா மட்டும் திரும்ப கட்டிலுக்கு. கட்டில்ல ஃபோன், டிவி எதுவும் கூடாது, கட்டில்னா தூக்கம்னு உடம்பு திரும்ப பழகணும்ல.

கட்டில்ல படுத்திருந்த மொத்த நேரத்துல 85 சதவீதத்துக்கு மேல ஒரு வாரம் தூங்கிட்டா 15 நிமிஷம் முன்னாடி படுக்கலாம், அப்படியே வாராவாரம் கூட்டிக்கலாம். கட்டில்ல இருக்குற நேரத்த அஞ்சு மணி நேரத்துக்கு கீழ மட்டும் குறைக்காதீங்க. முதல் ரெண்டு வாரம் பகல்ல தூக்கம் சொக்கும், அப்போ வண்டி ஓட்டாதீங்க. வலிப்பு, பைபோலார் இருக்குறவங்க டாக்டர கேக்காம இத ஆரம்பிக்கவே கூடாது.